பத்திரத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதுமா?

அடமானத்தில் இருக்கும் நிலம் கைமாறும்போது கிரயப் பத்திரத்தில் ஓர் ஏற்பாடு எழுதப்படுவதுண்டு. விற்பவர் கிரயத் தொகை முழுவதையும் கையில் வாங்கிக்கொள்ள மாட்டார். அடமானக் கடன் எவ்வளவோ அந்தத் தொகையை வாங்குபவரிடமே விட்டுவைப்பார். அந்தப் பணத்தை வாங்குபவரே கடன் கொடுத்தவரிடம் கட்டி அடமானத்தை மீட்டுக்கொள்ள வேண்டும் என்று பத்திரம் சொல்லும். கடன் கொடுத்தவரின் பெயரும் தொகையும் அதில் தெளிவாக இருக்கும். பத்திரமும் பதிவாகிவிடும்.

நிலத்தை வாங்கியவர் பணத்தைக் கட்டாமல் இழுத்தடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுத்தவர் அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறார். "எனக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்டு என் பணத்தை வைத்திருக்கிறார், வாங்கித் தாருங்கள்" என்று அவர் கேட்கலாமா?

கேட்கலாம் என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும். சட்டம் பொதுவாக முடியாது என்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் மட்டுமே அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போடலாம், வெளியாள் போட முடியாது என்பது விதி. வழக்கறிஞர்கள் இதைப் 'பிரிவிட்டி ஆஃப் கான்ட்ராக்ட்' என்பார்கள். அந்த வெளியாளின் நன்மைக்காகவே ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தாலும், அவர் பெயரே அதில் இருந்தாலும் இந்த விதி பொருந்தும்.

நாற்பதாயிரம் ரூபாய் வழக்கு

மேலே சொன்னது அப்படியே நடந்த வழக்கு உண்டு. 'ஜம்னா தாஸ் எதிர் ராம் அவதார்' என்பது அதன் பெயர். வட இந்தியாவில் ஒருவர் தம் சொத்தை 40,000 ரூபாய்க்கு அடமானம் வைத்திருந்தார். பிறகு அதை 44,000 ரூபாய்க்கு இன்னொருவருக்கு விற்றார். அடமானத்தை மீட்பதற்காக 40,000 ரூபாயை வாங்கியவரிடமே விட்டுவைத்தார். வாங்கியவர் மீட்கவில்லை. அடமானம் பிடித்தவர் வாங்கியவர் மீதே வழக்குப் போட்டார். அது அன்று இந்திய வழக்குகளுக்கு உச்ச மேல்முறையீட்டு அமைப்பாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1911-இல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு மிகச் சுருக்கமானது. நிலத்தை வாங்கியவர் வாக்குக் கொடுத்தது விற்றவருக்கு. அடமானம் பிடித்தவர் அந்த விற்பனையில் ஒரு தரப்பு அல்ல. அவரிடம் வாங்கியவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எனவே அந்தக் கடனை அடைக்கும் பொறுப்பு வாங்கியவரைத் தனிப்பட்ட முறையில் கட்டுப்படுத்தாது. இதுதான் தீர்ப்பின் சாரம்.

'தனிப்பட்ட முறையில்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். அடமானம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. நிலம் யார் கைக்குப் போனாலும் அதுவும் கூடவே போகும். எனவே அடமானம் பிடித்தவர் அந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவரும் உரிமையை இழக்கவில்லை. நிலத்தின் மதிப்பு கடனுக்குப் போதாதபோதுதான் சிக்கல் வரும். ஓர் உதாரணத்துக்கு, ஏலத்தில் 30,000 ரூபாய்தான் கிடைத்தது என்போம். மீதி 10,000 ரூபாயைக் கடன் வாங்கிய பழைய சொந்தக்காரரிடம்தான் கேட்க முடியும், அதுவும் காலக்கெடு தாண்டாமல் இருந்தால். நிலத்தை வாங்கியவரின் வங்கிக் கணக்கையோ அவருடைய வேறு சொத்தையோ தொட முடியாது.

அதற்காக வாங்கியவர் தப்பித்துவிட்டார் என்று பொருளல்ல. அவர் வாங்கிய நிலம் ஏலத்தில் போகக்கூடும். அவருடைய வாக்கைப் பெற்றவர் விற்றவர். அந்த வாக்கு மீறப்பட்டதால் தமக்கு ஏற்பட்ட நட்டத்தை அவர் கேட்டு வாங்கலாம். ஆக, வாக்கு செத்துப்போவதில்லை. அதைக் கேட்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அடமானமே இல்லாத வெறும் கைக்கடன் என்றால் நிலைமை இன்னும் மோசம். பத்திரத்தில் பெயர் மட்டும் இருக்கும் கடன்காரருக்கு ஏலம் விட நிலமும் இல்லை, வாங்கியவரைக் கேட்க ஒப்பந்தமும் இல்லை.

ஏன் இந்தக் கறார்?

இதைக் கேட்டால் அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் விதிக்குப் பின்னால் காரணங்கள் இருக்கின்றன.

ஒப்பந்தம் என்பது இருவர் தாமாக முன்வந்து தங்களைக் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்டவர்களுக்கே அதை அவிழ்க்கவும் உரிமை உண்டு. நிலத்தை விற்றவரும் வாங்கியவரும் அடுத்த மாதம் மனம் மாறி, கடனை விற்றவரே அடைப்பது, விட்டுவைத்த பணத்தை அவரிடமே திருப்பிக் கொடுப்பது என்று பேசி முடித்துக்கொள்ளலாம். வெளியாளுக்கு வழக்குப் போடும் உரிமை முதல் நாளே பிறந்துவிட்டால், அவரைக் கேட்காமல் தங்கள் சொந்த ஏற்பாட்டைக்கூட அவர்கள் மாற்ற முடியாமல் போகும்.

இன்னொரு காரணம் வாக்குக் கொடுத்தவரின் பக்கத்திலிருந்து வருகிறது. ஒரே வாக்குக்காக விற்றவரும் வழக்குப் போடலாம், கடன் கொடுத்தவரும் போடலாம் என்றால், அவர் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்துதானே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்?

மூன்றாவது காரணம் விதியின் மறுபக்கம். இருவர் சேர்ந்து எழுதிய தாளால் மூன்றாமவர் தலையில் சுமையை ஏற்ற முடியாது. நானும் நீங்களும் ஒப்பந்தம் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு லட்சம் தர வேண்டும் என்று எழுதினால் அவர் தர வேண்டியதில்லை. அதில் யாருக்கும் ஐயம் இருக்காது. சுமை வெளியாளைச் சேராது என்ற தர்க்கத்தையே சட்டம் பலனுக்கும் நீட்டிக்கிறது.

சென்னையில் வந்த தீர்ப்பு

இங்கே சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1880-களின் தொடக்கத்தில் வந்த 'சின்னையா எதிர் ராமையா' வழக்கு இன்றும் இந்தியச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே சொல்லிக் கொடுக்கப்படுகிறது. அதை மேலோட்டமாகப் படிப்பவர்கள், வெளியாளும் வழக்குப் போடலாம் என்று சென்னை நீதிமன்றம் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வது உண்டு.

ஒரு மூதாட்டி தம் நிலச் சொத்தை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். தம் உடன்பிறந்தவருக்கு ஆண்டுக்கு 653 ரூபாய் மகள் கொடுத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. பத்திரம் பதிவானது. பிறகு மகள் பணம் கொடுக்க மறுத்தார். வழக்குப் போட்டவரிடமிருந்து தமக்கு எதுவும் வரவில்லை, சொத்து வந்தது அம்மாவிடமிருந்து, அதனால் அவருக்குக் கொடுத்த வாக்கு செல்லாது என்பது மகளின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பணம் கொடுக்க வேண்டும் என்றது.

தீர்ப்பைத் தாங்கி நிற்கும் செய்தி ஒன்று உண்டு. தானப் பத்திரம் எழுதப்பட்ட அதே நாளில், இந்தப் பணத்தைத் தருவதாக மகள் தம் கைப்பட இன்னோர் ஒப்பந்தத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு அல்ல, பணம் பெற வேண்டியவருக்கே நேராக. ஆகவே வழக்குப் போட்டவர் வெளியாள் அல்ல. அவரும் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு.

நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு. ஒரு வாக்கு சட்டப்படி செல்ல, அதற்கு ஈடாக ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும். இதை மறுபயன் என்கிறோம். அந்த மறுபயன் வழக்குப் போடுபவரிடமிருந்தே வந்திருக்க வேண்டுமா? இங்கிலாந்துச் சட்டம் ஆம் என்றது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 2(டி)-இல், வாக்கைப் பெற்றவரோ வேறு எவருமோ கொடுத்ததாக இருக்கலாம் என்கிறது. மூதாட்டி கொடுத்த நிலமே மகளின் வாக்குக்குப் போதுமான மறுபயன் என்று முடிவானது அதனால்தான்.

ஆக, இரண்டு கேள்விகளைக் கலக்கக் கூடாது. ஈடு யாரிடமிருந்து வந்தது என்பது ஒன்று. இந்தியாவில் அது யாரிடமிருந்து வந்தாலும் சரி. வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பது மற்றொன்று. இதில் இந்தியச் சட்டமும் தளர்வு காட்டவில்லை. மகள் அந்த இரண்டாவது தாளை எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால், வழக்கு இந்தத் தர்க்கத்தில் நின்றிருக்காது.

வங்கி தோற்றது, மருமகள் வென்றார்

சுதந்திர இந்தியாவில் உச்ச நீதிமன்றம் இந்த விதியை 1969-இல் 'எம்.சி. சாக்கோ' வழக்கில் உறுதிசெய்தது. கேரளத்தின் ஹைலேண்ட் வங்கி, கோட்டயம் வங்கியிடம் ஓவர்டிராஃப்ட் கடன் வாங்கியிருந்தது. ஹைலேண்ட் வங்கியின் மேலாளர் சாக்கோ. கடனுக்கு ஜாமீன் நின்றவர் அவருடைய தந்தை. பின்னர் தந்தை தம் சொத்துகளைக் குடும்பத்தாருக்குப் பிரித்து எழுதிக் கொடுத்தார். ஜாமீன் கடன் ஏதாவது தலைக்கு வந்தால் அதைச் சாக்கோதான் தமக்கு வந்த பங்கிலிருந்தோ வங்கியிடமிருந்தோ அடைக்க வேண்டும் என்று அந்தப் பத்திரத்தில் எழுதினார். இந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடன் கொடுத்த வங்கி சாக்கோவிடம் பணம் கேட்டது. அந்தப் பத்திரத்தில் வங்கி ஒரு தரப்பு அல்ல, அதன் நிபந்தனைகளை வங்கி நிறைவேற்றச் சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். சொத்தின் மீது வங்கிக்குப் பொறுப்பு ஏற்படுத்தும் எண்ணமும் அந்த வாசகத்தில் இல்லை என்று கண்டது.

அதே தீர்ப்பு விதிவிலக்குகளையும் ஏற்றது. ஒருவருக்காகச் சொத்தில் டிரஸ்ட் போல ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தால், அல்லது குடும்ப ஏற்பாட்டின்படி ஒருவருக்குப் பலன் வந்திருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லாவிட்டாலும் அவர் வழக்குப் போடலாம்.

இதற்கு மூல வழக்காக எப்போதும் காட்டப்படுவது, 1910-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த 'குவாஜா முகம்மது கான் எதிர் ஹுசைனி பேகம்'. 1877-இல் நடந்த ஒரு திருமணம். மணமகளும் மணமகனும் சிறுவயதினர். மருமகளின் கைச்செலவுக்கு மாதம் 500 ரூபாய் தருவதாக மாமனார் பெண்ணின் தந்தைக்கு எழுதிக் கொடுத்தார். அதற்காகச் சில சொத்துகளையும் குறிப்பிட்டார். பின்னர் கணவனோடு ஒத்துவராமல் அந்தப் பெண் பிரிந்துவிட்டார். நிலுவைப் பணம் கேட்டு வழக்குப் போட்டார். ஒப்பந்தம் நடந்தது இரண்டு தந்தையருக்கிடையே, மருமகள் வெளியாள் என்றார் மாமனார்.

தீர்ப்பு எழுதியவர் சையத் அமீர் அலி. பெற்றோரும் காப்பாளரும் சிறார்களுக்காகத் திருமணம் பேசி முடிக்கும் சமூகத்தில் ஆங்கிலேய விதியை அப்படியே பொருத்தினால் பெரும் அநீதி விளையும் என்று அவர் கண்டார். யாருக்காக எல்லாம் பேசப்பட்டதோ அவர் அன்று கையெழுத்துப் போடக்கூடிய வயதிலேயே இல்லை. சொத்தும் அந்தத் தொகைக்குப் பொறுப்பாக்கப்பட்டிருந்தது. மருமகள் வென்றார். பின்னாளில் நாடாளுமன்றமும் இந்தப் போக்கில் சென்றது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, திருமண ஏற்பாட்டிலும் ஒரே குடும்பத்தாரின் சமரசத்திலும் பலனடைய வேண்டியவர் தாமே அதை நிறைவேற்றக் கோரலாம் என்கிறது.

கதவைத் திறக்கும் வழி மேலும் ஒன்று உண்டு: வாக்குக் கொடுத்தவரே பின்னர் வெளியாளிடம் பொறுப்பை ஒப்புக்கொள்வது. 1952-இல் மைசூர் உயர் நீதிமன்றத்தின் 'தேவராஜ அர்ஸ்' வழக்கு இதைக் காட்டுகிறது. வீட்டை விற்றவர் தம் கடன்காரருக்குக் கொடுக்கும்படி பணத்தில் ஒரு பகுதியை வாங்கியவரிடம் விட்டுவைத்தார். இதுவரை நாற்பதாயிரம் ரூபாய் வழக்கின் கதைதான். ஆனால் இங்கே வாங்கியவர் கடன்காரருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுத்தார். அது தம்மிடம் விட்டுவைத்த பணத்திலிருந்துதான் வருகிறது, மீதியையும் அனுப்பிவிடுகிறேன் என்று தெரிவித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். கடன்காரரின் வழக்கு செல்லும் என்றது நீதிமன்றம். நேரடியாக ஒப்புக்கொண்ட பிறகு அவரை வெளியாள் என்று சொல்ல முடியாது.

ஆனால் வெறுமனே பணம் கொடுத்தாலே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2015-இல் 'எஸ்ஸார் ஆயில் எதிர் ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு' வழக்கில், ஓ.என்.ஜி.சி. வேலையை எடுத்த ஹிந்துஸ்தான் ஷிப்யார்டிடமிருந்து எஸ்ஸார் துணை ஒப்பந்தம் பெற்றிருந்தது. ஓ.என்.ஜி.சி. எஸ்ஸாருக்குச் சில தொகைகளை நேரடியாகவே கொடுத்திருந்தது. இருந்தும் அவர்களுக்கிடையே ஒப்பந்தம் பிறக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. பிறருக்காகக் கட்டுவது வேறு, இது என் கடன் என்று ஒப்புக்கொண்டு கட்டுவது வேறு.

ஒரு செட்டில்மெண்ட் பத்திரம்

இவற்றை வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு தந்தை தம் வீட்டை மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதுகிறார். இரண்டு ஆண்டுக்குள் தங்கைக்கு ஐந்து லட்சம் ரூபாய் மகன் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் விதம்: தந்தையும் மகனும் மட்டும் கையெழுத்திடுகிறார்கள். மகன் தன் தங்கைக்கு ஐந்து லட்சம் கொடுக்க வேண்டியது என்று ஒரு வரி இருக்கிறது. பணம் வராவிட்டால், அண்ணன் தரப்பு எடுக்கும் முதல் வாதமே தங்கை வெளியாள் என்பதாக இருக்கும். குடும்ப ஏற்பாடு என்ற விதிவிலக்கு தங்கைக்குக் கைகொடுக்கலாம். ஆனால் அதை நிரூபிக்கவே சில ஆண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும்.

இரண்டாவது விதம்: தங்கையும் பத்திரத்தில் ஒரு தரப்பு. உனக்கு இன்ன தேதிக்குள் ஐந்து லட்சம் தருகிறேன் என்று அண்ணன் அவரிடமே ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறார். அல்லது அதே நாளில் அவருக்குத் தனியே ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். தங்கை ஒரு காசும் கொடுக்கவில்லை என்பது பிரச்சினையே அல்ல, தந்தை கொடுத்த வீடே மறுபயன். சின்னையா வழக்கின் பாதை இது. வெளியாள் என்ற வாதம் எழவே எழாது. ஆனால் பணம் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டுவிட வேண்டும்.

மூன்றாவது விதம்: இரண்டாவதோடு இன்னொரு வரி சேர்கிறது. அந்த ஐந்து லட்சத்துக்கு இந்த வீடே பொறுப்பு, தொகை தீரும் வரை அது வீட்டின் மீது நிற்கும் என்று தெளிவாக எழுதப்படுகிறது. சாக்கோ வழக்கில் வங்கிக்குக் கிடைக்காதது இந்த வரிதான். இப்போது காலக்கெடு பன்னிரண்டு ஆண்டு. பத்திரம் பதிவானதால் வில்லங்கச் சான்றில் தெரியும். அண்ணன் வீட்டை விற்றாலும், வாங்குபவர் தமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்புவது கடினம்.

மூன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு கையெழுத்தும் ஒரு வரியும்தான். பத்திரம் எழுதும் நாளில் இதற்குச் செலவு அநேகமாக இல்லை.

ஏற்கெனவே வெளியே நிற்பவருக்கு

பத்திரம் முதல் விதமாகவே எழுதப்பட்டு, விதிவிலக்கு எதிலும் இடம் கிடைக்காதவர் என்ன செய்வது? வாக்கைப் பெற்றவர் உயிரோடு இருந்தால் அவரை வழக்குப் போடச் சொல்லலாம். அவர் காலமாகிவிட்டால் அந்த உரிமை அவருடைய சட்டப் பிரதிநிதிகளிடம் போகும்.

இங்கிலாந்தின் 'பெஸ்விக்' வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நிலக்கரி வியாபாரி ஒருவர் 1962-இல் தம் தொழிலைச் சகோதரர் மகனுக்குக் கொடுத்தார். தமக்குப் பின் தம் மனைவிக்கு வாரம் ஐந்து பவுண்டு தர வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் இறந்த பிறகு ஒரே ஒரு தடவைதான் பணம் வந்தது. மனைவி தம் சொந்தப் பெயரில் கேட்டது செல்லவில்லை, அவர் வெளியாள். ஆனால் கணவரின் சொத்தை நிர்வகிக்கும் பிரதிநிதி என்ற முறையிலும் அவர் வழக்குப் போட்டிருந்தார். அந்த முறையில் அவர் நின்றது கணவரின் இடத்தில். வாக்கை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று 1967-இல் பிரபுக்கள் சபை உத்தரவிட்டது. அவர் கணவரின் பிரதிநிதியாக இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இங்கிலாந்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1999-இல் அந்த நாடு தனிச் சட்டமே இயற்றியது. மூன்றாமவருக்கு உரிமை உண்டென்று ஒப்பந்தம் சொன்னாலோ, அவருக்குப் பலன் தருவதாக வாசகம் அமைந்து, வழக்குரிமை தரும் நோக்கம் இல்லை என்று காட்டப்படாவிட்டாலோ அவர் நேரடியாக வழக்குப் போடலாம்.

நம் நாட்டில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. சட்ட ஆணையம் 1958-இலேயே தன் 13-ஆவது அறிக்கையில் மூன்றாமவருக்கு உரிமை தரும் பிரிவு ஒன்றை ஒப்பந்தச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. சில துறைகளில் மட்டும் தனிச் சட்டங்கள் வழிவிட்டிருக்கின்றன. வாகனக் காப்பீட்டில் கையெழுத்திடாத விபத்துக்குள்ளானவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கட்ட வேண்டியிருப்பதும், வாங்கியவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிவதும் அப்படி வந்தவை.

இந்த விதி பிழையானது என்று நான் சொல்லவில்லை. தெரியாத மனிதர்களின் வழக்குகளிலிருந்து ஒப்பந்தம் செய்பவர்களை அது காக்கிறது. ஆனால் குடும்பப் பத்திரங்களில் அதன் சுமை பெரும்பாலும் கையெழுத்துப் போட அழைக்கப்படாதவர்கள் மீதே விழுகிறது: மகள், விதவை, வயதான தாய், மைனர். அவர்களுக்காக ஏதாவது எழுதுகிறீர்கள் என்றால், பெயரை எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். அவர்களையும், மைனராக இருந்தால் காப்பாளர் மூலம், ஒரு தரப்பாகச் சேருங்கள். தொகைக்குச் சொத்தைப் பொறுப்பாக்குங்கள்.